கூப்பிட்டும் திரும்பாதவரை இன்னொரு தடவை கூப்பிடலாமா?

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மணி ஆறரை இருக்கும். வண்டிகளை நிறுத்திவிட்டிருந்ததால் சாலை முழுக்க மனிதர்கள். காந்தி சிலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஒரு பழகிய நடை கண்ணில் பட்டது. எங்கள் தெருவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் மகனோடு கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் குடிபோன டீச்சரக்கா. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பார்த்து நாலு வருஷம் ஆகிவிட்டது. எனக்கும் அவருக்கும் நடுவில் பதினைந்து மீட்டர் இருக்கும்.

“வணக்கம் டீச்சரக்கா!” என்று குரல் கொடுத்து கையையும் தூக்கிவிட்டேன். அவர் திரும்பவில்லை. என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் கேள்விதான் எனக்கும் வந்தது. மறுபடி கூப்பிடுவதா, விட்டுவிடுவதா? கேள்வியை இப்படி இரண்டாகப் பிளந்துகொள்வதில்தான் தப்பு நடக்கிறது என்பது என் எண்ணம். உண்மையில் நம் முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொல்லலாம். சொல்லை மாற்றி, நேரம் பார்த்துக் கூப்பிடலாம். கூப்பிடாமல் நடந்துபோய் எதிரே நிற்கலாம். கைப்பேசியில் அழைக்கலாம். ஒன்றும் செய்யாமல் போகவிடலாம். அன்றைக்கு இதில் மூன்றை அடுத்தடுத்துச் செய்துபார்த்துவிட்டேன். அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வது. அதே “வணக்கம் டீச்சரக்கா”, இந்தத் தடவை இன்னும் சத்தமாக. அக்கா அசையவில்லை. ஐந்தாறு பேர் திரும்பினார்கள். இப்போது யோசித்தால், அந்த இரண்டாவது குரல் அவருக்காகக் கொடுத்ததே இல்லை என்று தோன்றுகிறது. தூக்கிய கைக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் என் முதல் குரல் வீணாகவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. இதே கூச்சம்தான் சிலரை இன்னும் கத்த வைக்கிறது, சிலரைச் சட்டென்று கையை இறக்கிக்கொண்டு நகர வைக்கிறது. இரண்டு பேருமே முன்னால் போகிறவருக்கு என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று பார்ப்பதில்லை.

சத்தத்தைக் கூட்டுவது ஏன் பலிக்கவில்லை? அந்தச் சாலையின் கரையோரம் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். மணலில் வந்து படுக்கும் அலையின் சத்தம் வேறு, கல்லில் மோதும் அலையின் சத்தம் வேறு. கல்லில் மோதும்போது தடித்த ஒலியும் மெல்லிய ஒலியும் ஒன்றாகக் கலந்த பெரிய இரைச்சல் எழும். பேச்சில் இருக்கும் எல்லா ஒலிகளையும் அது ஒரே சமயத்தில் மூடும். கூடவே, கத்தும்போது நம் வாயில் உயிரொலிதான் பெருக்கிறது. க, ச, ட, த போன்ற ஒலிகள் அந்த அளவுக்குப் பெருப்பதில்லை. கேட்பவருக்கு “யாரோ கத்துகிறார்கள்” என்று மட்டும் போய்ச் சேரும், “என்னைக் கூப்பிடுகிறார்கள்” என்பது போய்ச் சேராது. கடற்கரையில் யாரோ கத்துவது ஒரு செய்தியே இல்லை.

‘வணக்கம்’ என்ற சொல்லிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதில் நெடில் ஒன்றுகூட இல்லை. மூன்று குறில், நடுவில் ஒரு க், கடைசியில் வாயை மூடிவிடும் ம். இழுக்க இடமே இல்லாத சொல். பக்கத்தில் நின்று, முகம் பார்த்துச் சொல்லப் பிறந்த சொல் அது. தூரத்திலிருந்து எறிந்தால் பாதி வழியில் விழுந்துவிடும். அக்கா, அண்ணா, மாமா, அத்தை, தாத்தா எல்லாம் அப்படியில்லை. கடைசி உயிரைப் பிடித்து எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். நம் ஊரில் யாருமே தூரத்தில் போகிற அக்காவை “அக்கா” என்று அளவாகக் கூப்பிடுவதில்லை. “அக்காஆஆவ்” என்றுதான் வரும். அண்ணன் “அண்ணேஏஏ” ஆகிவிடுவார். இதைத் தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயல் உண்டு. தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர்கள் தம் மாத்திரை அளவைத் தாண்டி நீளும், அதுதான் வழக்கம் என்று அதில் வருகிறது. பள்ளியில் எட்டாம் வேற்றுமை என்று மனப்பாடம் செய்தபோது, இது இரைச்சலில் ஆள் பிடிக்கிற கலை என்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது சொல்லின் வரிசை. நான் வணக்கத்தை முன்னால் வைத்து, ஆளைப் பின்னால் வைத்தேன். கவனம் வேறு எங்கோ இருப்பவருக்கு முதல் சொல் பெரும்பாலும் வீணாகிவிடும். அந்த இடத்தில் அவரை நம் பக்கம் திருப்புகிற சொல் இருக்க வேண்டும். அதுவும் அவருக்கு மட்டுமே உரிய சொல்லாக இருந்தால் நல்லது. அந்தச் சாலையில் “சார்” என்றால் பத்து பேர் திரும்புவார்கள், “அக்கா” என்றால் இருபது பேர். “டீச்சரக்கா” என்றால் ஒருவர்தான். சொந்தப் பெயரே ஆனாலும் கட்டாயம் காதில் விழும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நெவில் மோரே என்ற ஆய்வாளர் 1959-இல் ஒரு சோதனை செய்தார். ஒரு காதில் ஓடும் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்லும்படி கேட்டுவிட்டு, மறு காதில் அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தன் பெயரைக் கவனித்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதிப்பேருக்குக் காது நன்றாகவே இருந்தது, கவனம்தான் வேறு இடத்தில் இருந்தது. பேரனைப் பற்றி யோசித்துக்கொண்டோ, முழங்கால் வலியைக் கவனித்துக்கொண்டோ நடக்கிறவர் திரும்பவில்லை என்பதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

சரி, இனி இரண்டாவது வழி. மூன்றாம் முறை கூப்பிட்டபோது சொல்லையும் நேரத்தையும் மாற்றினேன். அலை கல்லில் மோதி இரைச்சல் உச்சத்துக்குப் போகும், அப்புறம் தண்ணீர் பின்வாங்கும்போது சில நொடி அடங்கும். அந்த அடக்கத்துக்காகக் காத்திருந்தேன். வணக்கத்தை விட்டுவிட்டு, “டீச்சரக்காஆஆவ்” என்று மட்டும் கூப்பிட்டேன். முந்தின தடவை அளவுக்குக் கத்தவுமில்லை. அக்கா நின்றார். அவருக்குக் கேட்டுவிட்டது.

ஆனால் அவர் திரும்பியது என் பக்கம் இல்லை. கடல் பக்கம் திரும்பி, பாறைகளில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் தெரிந்த முகம் இல்லை. மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில் நிறையப் பேர் மனம் கசந்து போவார்கள். “கேட்டுச்சு, நின்னாங்க, ஆனா என்னைப் பார்க்காம போயிட்டாங்க.” எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு வலது காது கேட்காது. கேட்கிற இடது காது, தெற்கு நோக்கி நடக்கும்போது கிழக்கே, அதாவது கடலைப் பார்த்து இருக்கும். முழு இரைச்சலும் அந்த நல்ல காதில்தான் விழுகிறது. நானோ அவருக்குப் பின்னால், சாலைப் பக்கம், கேட்காத காதின் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதே இடத்தில், அதே தூரத்தில் அவர் வடக்கு நோக்கி நடந்திருந்தால் நல்ல காது என் பக்கம் இருந்திருக்கும். முதல் குரலுக்கே திரும்பியிருக்கக்கூடும்.

தவறான பக்கம் திரும்பியதற்கும் அதுவே காரணம். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. எந்தக் காதுக்கு முதலில் வந்தது, எதில் பலமாக விழுந்தது என்ற சின்ன வித்தியாசங்களை வைத்து. ஒரு காது போய்விட்டால் அந்த ஒப்பீடு இல்லை. எல்லாக் குரலும் நல்ல காதின் பக்கத்திலிருந்தே வருவதுபோல் இருக்கும். அதனால் கூப்பிட்டதும் ஒருவர் நின்று, வேறு திசையில் தேடினால் அது அலட்சியம் இல்லை. குரல் போய்ச் சேர்ந்துவிட்டது, திசைதான் சேரவில்லை. அதற்குமேல் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவர் மறுபடி கடலைத்தான் பார்ப்பார். ஆள் இல்லாத குரல் ஒன்று தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவது வயதானவருக்குக் கலக்கமாகவும் இருக்கும்.

ஆகவே நாலாவது தடவை கூப்பிடவில்லை, நடந்தேன். இதுதான் மூன்றாவது வழி. இதற்கு ஆகிற செலவை நாம் மனதுக்குள் பெரிதாக நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் மிகக் குறைவு. அவர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். நான் எட்டிப்போட்டு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடந்தால், பதினைந்து மீட்டரைக் கடக்க அரை நிமிஷம் போதும். நடக்கிறபோதே குரலுக்கும் வலு கூடுகிறது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் நம் குரல் அவர் காதில் 6 டெசிபெல் கூடுதலாக விழும். பதினைந்து மீட்டரை நாலு மீட்டருக்குக் குறைத்தால் ஏறக்குறைய 12 டெசிபெல். சாதாரணமாகப் பேசுகிற குரலை நன்றாக உயர்த்திப் பேசுவதற்குச் சமம் அது. தொண்டையும் நோகாது, ஊரும் திரும்பிப் பார்க்காது.

பின்னாலிருந்து தோளைத் தொடுவது மட்டும் கூடாது. காது கேட்காதவரை அப்படித் தொட்டால் தூக்கிவாரிப் போட்டுவிடும். வளைந்துபோய் அவரைத் தாண்டி, மூன்று மீட்டர் முன்னால் போய்த் திரும்பி நின்று கையைத் தூக்கினேன். முகத்தில் அடையாளம் தெரிகிற வரைக்கும் எதுவும் பேசவில்லை. கண் என்மேல் நின்று சிரிப்பு வந்த பிறகுதான் வணக்கம் சொன்னேன். “அட, நீயா! யாரோ கூப்ட்ட மாதிரி இருந்துச்சு, கடல் பக்கம் பார்த்தேன், யாரும் இல்ல” என்றார். “வலது காது ரெண்டு வருஷமாவே இல்லம்மா.”

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் தீர்ப்பு இப்படித்தான் இருக்கும். முதல் குரல் விழவில்லை என்றால் இன்னொரு தடவை கூப்பிடலாம், தயங்க வேண்டாம். ஆனால் முன்பு கொடுத்த அதே குரலைத் திருப்பிக் கொடுப்பதில் பலன் இல்லை. ஏதாவது ஒன்று மாற வேண்டும், சொல்லோ நேரமோ நிற்கும் பக்கமோ. அதுவும் பலிக்கவில்லை என்றால் வாய்க்கு வேலை முடிந்தது, இனி காலுக்கு வேலை. நடந்துபோக முடிகிற இடத்தில் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. முதல் குரலுக்கு முன்பே நடந்திருக்கலாம் என்றுகூட இப்போது நினைக்கிறேன்.

நடக்க முடியாத இடங்கள் உண்டு. கடலூர் பேருந்து நிலையத்தில் அவர் ஏறிய பேருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறது, சன்னலில் முகம் தெரிகிறது, எஞ்சின் உறுமுகிறது. அங்கே கூப்பிட்டுப் பயனில்லை. சன்னலின் நேர்க்கோட்டுக்கு வந்து தலைக்குமேல் கையை ஆட்டலாம், கண் படவில்லை என்றால் கைப்பேசியில் அழைக்கலாம். நடக்கிறவருக்குப் பின்னாலிருந்தே கைப்பேசியில் அழைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அவர் கூட்டத்துக்கு நடுவே நின்று பையைத் துழாவ வேண்டியிருக்கும். உட்கார்ந்திருப்பவர் என்றால் பரவாயில்லை.

காதில் இயர்போன் மாட்டியிருப்பவருக்கும் முன்னால் வந்து நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

போகவிடுவது என்ற வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்பதற்கும், கேட்டும் திரும்பவில்லை என்பதற்கும் வித்தியாசம் உடம்பில் தெரியும். கேட்காதவரின் நடையில் எந்த மாற்றமும் இருக்காது. கூடப் பேசிக்கொண்டிருந்தால் பேச்சு அப்படியே ஓடும், கை அதே தாளத்தில் வீசும். கேட்டவருக்கு அரை அடி தடுமாறும். தோள் லேசாக இறுகும், தலை கொஞ்சம் தாழும், அல்லது குரல் வந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் போகும். அப்புறம் நடை முன்னைவிட வேகமெடுக்கும். இரண்டாவது குரலைக் கொடுப்பதற்கு முன் நான் இதைத்தான் பார்ப்பேன்.

சில வருஷங்களுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், என் சித்தப்பா ஒரு அடகுக் கடையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தேன். யோசிக்காமல் “சித்தப்பாஆ” என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் கால் படியில் ஒரு கணம் நின்றது. தலை நிமிரவில்லை. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்த் திசையில் நடந்தார். பத்து அடி தூரம்தான். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம், இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. கடைத்தெருவில் அவரை உரக்கக் கூப்பிடக் கூப்பிட, அவர் எங்கிருந்து வருகிறார் என்பதைத்தான் நான் நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து எப்போதும்போல் காப்பி குடித்துவிட்டுப் போனார். அந்த நாளைப் பற்றி இன்றுவரை அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று எங்கள் பாட்டி சொல்லுவார். காரியத்துக்குத் தடை என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாக இல்லை. ஆனாலும் கோப்பும் கையுமாக வேகமாகப் போகிறவரையும், மருத்துவமனை வாசலில் கண் கலங்கி நிற்கிறவரையும் நான் இரண்டாவது தடவை கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு அவர் திரும்பிவிட்டால் அடுத்து நான்தான் ஏதாவது பேசியாக வேண்டும். இதையும் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப், காவல் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் தொடக்கங்களை அலசி 1968-இல் எழுதினார். பதில் வராத அழைப்பை மறுபடி அழைக்கலாம், பதில் வந்துவிட்டால் அதே அழைப்பைத் திரும்ப விடுக்க முடியாது, அழைத்தவர்தான் அடுத்துப் பேச வேண்டும் என்பது அவர் கண்டது. தெருவிலும் இது அப்படியே பொருந்துகிறது. “என்னம்மா?” என்று ஒருவர் நின்றுவிட்டால், அவரை நிறுத்தியதற்கு ஏற்ற ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். வெறும் வணக்கத்துக்காக அவசரத்தில் இருப்பவரை நிறுத்துவதைவிட, ராத்திரி ஒரு வரி அனுப்புவது மேல். “இன்னைக்கு உங்களைப் பார்த்தேன், அவசரமாப் போனீங்க, அதான் கூப்பிடல” என்று எழுதினால் போதும். “கூப்பிட்டேன், நீங்க திரும்பவே இல்ல” என்று எழுதினால் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிடும். தெரியாமல் நடந்ததற்கு ஏன் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

டீச்சரக்காவோடு அன்றைக்கு தூப்ளே சிலை வரைக்கும் நடந்தேன். முதலில் பழக்கத்தில் சாலைப் பக்கம், அவருக்கு வலதாக நடந்தேன். நான் சொன்னதில் பாதிக்கு அவர் சும்மா தலையாட்டுவது தெரிந்ததும் கடல் பக்கம் மாறிக்கொண்டேன். நல்ல காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் அலையையும் மீறிப் பேச முடிந்தது. சிலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வடக்கே திரும்பியபோது, நான் யோசிப்பதற்குள் அவரே என் கையைப் பிடித்து இழுத்துச் சாலைப் பக்கம் விட்டார். “இப்ப இந்தப் பக்கம் வா” என்றார்.